முழு மீனா, சுத்தம் செய்த மீனா, ஃபில்லெட்டா: உணவகத்துக்கு எது கட்டுபடியாகும்?

மீன் வாங்கும் உணவகத்துக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. செதிலும் குடலுமாக முழு மீனை வாங்கிச் சமையலறையிலேயே சுத்தம் செய்வது ஒன்று. செதில், குடல், செவுள் நீக்கிய மீனை வாங்கி, நறுக்கும் வேலையை மட்டும் நாம் பார்த்துக்கொள்வது இரண்டாவது. முள் எடுத்த ஃபில்லெட்டாகவே வாங்கி நேராகச் சட்டியில் போடுவது மூன்றாவது. மூன்றுக்கும் கிலோ விலை வேறு வேறு. அந்த விலைகளை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் முழு மீன்தான் எப்போதும் மலிவாகத் தெரியும். ஆனால் தட்டுக்குப் போவது கிலோ இல்லை, துண்டு. ஒரு துண்டுக்கு எவ்வளவு ஆகிறது, அந்தத் துண்டு எவ்வளவு புதியது என்று நமக்கு எப்படித் தெரியும் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒரே ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு கடைசிவரை பார்ப்போம். ஒரு வேளைக்கு 40 தட்டு, ஒவ்வொன்றிலும் தோலோடு கூடிய 150 கிராம் ஃபில்லெட். மொத்தம் 6 கிலோ சதை வேண்டும். மீன் சங்கரா போல தலை பெருத்த வகை, ஒன்று 1,350 கிராம்.

ஒரு மீனை நிறுத்துப் பார்த்தால்

எந்தக் கணக்கும் தராசில்தான் தொடங்க வேண்டும். இந்த 1,350 கிராம் மீனைப் படிப்படியாகச் சுத்தம் செய்து, கழித்ததை எல்லாம் தனித்தனியாக நிறுத்தால் ஏறக்குறைய இப்படி வரும்: செதில் 45 கிராம், குடலும் செவுளும் 175, தலை 315, நடுமுள்ளும் துடுப்புகளும் 165, வயிற்று ஓரமும் சின்ன முள் வரிசையும் வெட்டியது 35. இரண்டு ஃபில்லெட்டும் சேர்ந்து 608 கிராம். மிச்சம் 7 கிராம் தண்ணீரிலும் பலகையிலும் போய்விடும். தட்டுக்கு வருவது 45 சதவீதம், அதாவது பாதிக்கும் குறைவு.

இந்த எண் எல்லா மீனுக்கும் பொருந்தாது. தலை பெருத்த மீனில் தோலோடு கூடிய ஃபில்லெட் 40 முதல் 50 சதவீதம் வரை கிடைக்கும். வஞ்சிரம் போல நீண்டு, தலை சிறுத்த மீனில் 60-ஐ ஒட்டி வரும். சினை பிடித்திருக்கும் காலத்தில் அதே மீன் ஐந்து, ஆறு சதவீதம் குறைவாகத் தரும், வயிறுதான் எடையை எடுத்துக்கொள்ளும். அதனால் வேறு யாரோ எழுதிவைத்த சதவீதத்தை நம்பாமல், உங்களுக்கு வரும் மீனில், உங்கள் ஆள் வெட்டி, உங்கள் தராசில் நிறுத்த எண்ணையே பயன்படுத்துங்கள். மூன்று நான்கு மீனின் சராசரி போதும். பருவம் மாறும்போது மறுபடி ஒருமுறை நிறுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் அந்தத் தராசு காட்டும். ஒரு ஃபில்லெட் 304 கிராம், நடுவில் வெட்டினால் இரண்டு 150. ஒரு மீனுக்குச் சரியாக நான்கு தட்டு. இதே மீனை வைத்துக்கொண்டு தட்டுக்கு 180 கிராம் என்று மெனுவில் போட்டிருந்தால், ஒவ்வொரு ஃபில்லெட்டிலும் 124 கிராம் வால் துண்டு தனியாக நிற்கும். அதை எந்தத் தட்டிலும் வைக்க முடியாது. சதவீதக் கணக்கில் இந்த இழப்பு தெரியவே தெரியாது. பலரும் இங்கேதான் பணத்தை விடுகிறார்கள். மீன் வாங்கும்போது மொத்த எடையைச் சொல்வதைவிட, ஒரு மீன் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குவது அதிக லாபம்.

மூன்று வழியின் கணக்கு

முழு மீன் கிலோ 100 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஊர்ப் பணமாக இருந்தாலும் சரி, இங்கே விகிதம்தான் முக்கியம். கூலியை ஒரு மணி நேரத்துக்கு 40 என்று கொள்வோம்.

முழு மீன்: 40 தட்டுக்குப் பத்து மீன், 13.5 கிலோ, விலை 1,350. பழகிய கை ஒரு மீனைச் செதில் எடுப்பதிலிருந்து துண்டு போடுவது வரை பத்து நிமிடத்தில் முடிக்கும். கடைசியில் இடத்தைக் கழுவ அரைமணி. ஆக 130 நிமிடம், கூலி 87. மொத்தம் 1,437.

சுத்தம் செய்த மீன்: செதிலும் குடலும் செவுளும் போனபின் ஒரு மீன் 1,130 கிராம்தான் இருக்கும். அதனால் முழு மீன் 100 என்றால், சுத்தம் செய்தது கிட்டத்தட்ட 120-க்கு வந்தாலும் நமக்கு ஒரே விலைதான். விற்பவர் 122 கேட்டால், கூலியாக அவர் எடுத்துக்கொள்வது வெறும் 2 அல்லது 2.5. பத்து மீன் 11.3 கிலோ, விலை 1,379. நமக்கு வேலை 75 நிமிடம், கூலி 50. மொத்தம் 1,429.

ஃபில்லெட்: கிலோ 240 என்று வைப்போம். ஓரம், இரத்தம் கட்டிய இடம், விட்டுப்போன முள் என்று 5 சதவீதம் எப்படியும் கழியும். அதனால் 6.3 கிலோ வாங்க வேண்டும். 1,512. கூலி ஏறக்குறைய இல்லை.

முதல் இரண்டுக்கும் நடுவே வித்தியாசமே இல்லை. ஃபில்லெட்டுக்கும் முழு மீனுக்கும் இடையே 75. இது 45 சதவீதம் கிடைத்தால் வரும் கணக்கு. கத்தி பழகாத ஒருவர் வெட்டி, நடுமுள்ளில் சதையை விட்டு, 40 சதவீதம்தான் எடுத்தார் என்றால் ஒரு மீனில் 540 கிராம்தான் தேறும். அதே 6 கிலோவுக்கு 15 கிலோ மீன் வேண்டும். விலை 1,500, கூலியோடு 1,600-ஐ நெருங்கும். ஃபில்லெட்டைவிட அதிகம். ஐந்தே ஐந்து சதவீதம், முழு மீனின் லாபத்தை மொத்தமாகச் சாப்பிட்டுவிட்டது.

சரி, தலையும் முள்ளும்? பத்து மீனில் 3 கிலோவுக்கு மேல் தலை, ஒன்றரை கிலோவுக்கு மேல் முள். உங்கள் மெனுவில் குழம்போ, சூப்போ, மீன் ஸ்டாக்கில் செய்யும் ஏதாவது ஒன்றோ இருந்தால் இது அத்தனையும் சரக்கு. அப்போது முழு மீன் தெளிவாக ஜெயிக்கிறது. இல்லையென்றால் அது குப்பைத்தொட்டி நிறையும் செலவு. மனதில் மட்டும் ‘பயன்படுத்திக்கொள்ளலாம்’ என்று நினைத்து ஃப்ரீசரில் அடைத்துவைக்கும் தலைகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஸ்டாக்குக்கு எடுப்பதென்றால் செவுளை முழுக்க நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற எண்ணெய் மீனின் முள்ளில் நல்ல ஸ்டாக் வராது. வெள்ளைச் சதை மீன் முள்ளானால் இருபது முப்பது நிமிடம் மெல்லக் கொதித்தால் போதும், அதற்கு மேல் போனால் ருசி கெடும்.

எது புதியது என்று எதில் தெரியும்?

பணக் கணக்கு இவ்வளவு நெருக்கமாக வருவதால், என் முடிவை மாற்றுவது இந்தக் கேள்விதான். முழு மீன் தன் வயதை மறைக்க முடியாது. ஃபில்லெட் மறைத்துவிடும்.

முழு மீனில் நான் முதலில் தூக்கிப் பார்ப்பது செவுள் மூடியை. உள்ளே செவுள் பளிச்சென்ற சிவப்பாக, இதழ் இதழாகப் பிரிந்து நிற்க வேண்டும், மேலே இருக்கும் வழவழப்பு தெளிந்த நீர் போல இருக்க வேண்டும். சிவப்பு மங்கி மண் நிறத்துக்கு வந்து, இதழ்கள் ஒட்டிக்கொண்டு, வழவழப்பு பால் போலக் கலங்கினால் அந்த மீனுக்கு நாளாகிவிட்டது. மூக்கைக் கிட்டே கொண்டுபோங்கள். புது மீனுக்குக் கடல் நீர் அல்லது பாசி வாசனை மட்டும்தான் இருக்கும். ‘மீன் வாடை’ என்று நாம் சொல்கிறோமே, அது பாக்டீரியா வேலையைத் தொடங்கியபின் வருவது. செவுளில்தான் அது முதலில் வரும், அதனால் உடம்பை முகர்வதைவிடச் செவுளை முகர்வது நம்பகமானது.

கண்ணைப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும்: புடைத்து, தெளிவாக, நடுவில் கருப்பு பளபளக்க வேண்டும். ஆனால் கண்ணை மட்டும் வைத்து மீனைத் தள்ளிவிட வேண்டாம். ஐஸ் நேராகக் கண்ணில் பட்டாலே நல்ல மீனின் கண்ணும் வெளுத்துவிடும். அதேபோல ஐஸ் உருகிய நீரில் ஊறினால் செவுளின் சிவப்பும் வெளிறும். கண், செவுள், சதை, வயிறு நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சதையை விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். வயிறு மெத்தென்று தொங்கினாலோ, கழிவுத் துளையில் பழுப்பு நீர் வடிந்தாலோ உள்ளே குடல் கரையத் தொடங்கிவிட்டது. தலையைப் பிடித்துத் தூக்கும்போது விறைத்து நேராக நிற்கும் மீன் கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

சுத்தம் செய்த மீனில் செவுள் போய்விடுகிறது, அதாவது சிறந்த சாட்சி போய்விடுகிறது. பதிலுக்கு வயிற்றின் உட்புறம் திறந்து கிடைக்கிறது. நடுமுள்ளை ஒட்டி மிஞ்சியிருக்கும் இரத்தம் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகக் கூடாது. விலா முள்கள் சதையோடு ஒட்டியிருக்க வேண்டும். முள் தானாகத் துருத்திக்கொண்டு வெளியே வந்தால், குடலை எடுக்கத் தாமதித்திருக்கிறார்கள், செரிமான நொதிகள் வயிற்றுச் சதையைத் தின்றுவிட்டன என்று அர்த்தம். அந்த இடத்தை வெட்டி எறிய வேண்டியிருக்கும், உங்கள் 45 அங்கேயே 42 ஆகிவிடும்.

ஃபில்லெட்டில் மிஞ்சுவது கொஞ்சமே. சதை அடுக்குகள் பிளந்து நிற்கிறதா, ஓரம் காய்ந்து மஞ்சளாகிறதா, தட்டின் அடியில் நீர் தேங்கியிருக்கிறதா, வாடை வருகிறதா என்று பார்க்கலாம். அவ்வளவுதான். என்ன மீன் என்பதே சில நேரம் விற்பவர் சொன்னதுதான். அதனால் நீண்ட நாள் பழகிய, சொன்ன சொல்லில் நிற்கும் ஒருவரிடம் மட்டுமே ஃபில்லெட் வாங்குவேன்.

மூன்றுக்கும் பொதுவான ஒரு சோதனை வெப்பமானி. ஊசி முனையை நடுமுள்ளை ஒட்டிய தடித்த சதையில் குத்திப் பாருங்கள். 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் என்றால் நல்லது, 4-ஐத் தாண்டினால் திருப்பி அனுப்பலாம். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றில் இதை ஒருநாளும் விடக் கூடாது. வெப்பத்தில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகிறது. சாப்பிட்டவருக்குச் சிறிது நேரத்திலேயே முகம் சிவந்து, அரித்து, தலை வலிக்கும். ஹிஸ்டமின் உருவானபின் எவ்வளவு வேகவைத்தாலும் போகாது, மீன் பார்க்க நன்றாகவே இருக்கலாம். இந்த வகைகளில் கண்ணையும் செவுளையும்விட வெப்பமானியை நம்புங்கள்.

வெட்டும் இடத்தில் எங்கே போகிறது எடை

சமையலறையில் சுத்தம் செய்வதென்று முடிவானால் வரிசை முக்கியம். குடல் உள்ளே இருக்கும்போதே செதிலை எடுக்க வேண்டும், வயிறு விறைப்பாக இருப்பதால் கத்தி வழுக்காமல் ஓடும். அதற்கு முன் முதுகுத் துடுப்பைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள், அந்த முள் கையில் ஏறினால் அன்றைய வேலை போச்சு. வாலிலிருந்து தலைப் பக்கமாகச் செதிலைச் சுரண்ட வேண்டும்.

அப்புறம் கழிவுத் துளையில் கத்தி முனையை வைத்துத் தாடை வரை கீறுங்கள். கூர்ப்பக்கம் வெளியே பார்த்தபடி, ஆழம் தோலளவே இருக்க வேண்டும். உள்ளே போனால் பித்தப்பை உடையும். அது கல்லீரலை ஒட்டி இருக்கும் சின்னப் பச்சைப் பை. உடைந்தால் பச்சை நீர் பட்ட இடமெல்லாம் கசக்கும். உடனே கழுவியும் நிறம் நின்றால் அந்தத் துண்டை வெட்டி எறிவதே நல்லது. குடலை ஒரே பிடியில் இழுத்துவிட்டுச் செவுளைக் கத்தரியால் இரு முனையிலும் வெட்டி எடுங்கள். பின்பு நடுமுள்ளின் மேல் ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். அதை நீளமாகக் கீறினால் உள்ளே கருஞ்சிவப்பாக இரத்தம் போலச் சேர்ந்து கிடக்கும். அது மீனின் சிறுநீரகம். பல் துலக்கும் பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு தேய்த்து எடுத்துவிட வேண்டும். இதை விட்டுவிட்டால் மறுநாள் வாடை இங்கிருந்துதான் கிளம்பும்.

குளிர்ந்த நீரில் ஒரே அலசு, உடனே துடைக்க வேண்டும். மீனைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பல சமையலறைகளில் உண்டு. சதை நீரைக் குடித்து எடை கூடியது போலத் தெரியும், சட்டியில் அந்த நீர் எல்லாம் வெளியே வந்து மீன் பொரிவதற்குப் பதில் வேகும்.

ஃபில்லெட் எடுக்கும்போது எடை போவது இரண்டு இடத்தில். ஒன்று தலைக்குப் பின்னால். கத்தியை நேராக இறக்காமல், பக்கத் துடுப்பின் பின்னாலிருந்து தலையை நோக்கிச் சாய்த்து வெட்டினால், கழுத்துப் பக்கத்துத் தடித்த சதை ஃபில்லெட்டோடு வரும். இன்னொன்று நடுமுள்ளின் மேல். கத்தி முள்ளின் மேல் படுத்தபடி ஓட வேண்டும், மெல்லிய கர்ரென்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால் சரியாகப் போகிறது. வெட்டி முடித்தபின் முள்ளைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவ வேண்டும். வெள்ளையாகச் சதை ஒட்டியிருந்தால் அந்த ஐந்து சதவீதம் அங்கேதான் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வந்தவருக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வைப்பது எப்படி

மீனைப் பொறுத்தவரை 0 டிகிரியும் 5 டிகிரியும் ஒன்றில்லை. ஐஸில் 0-வில் கெடும் வேகத்தைப் போல 5 டிகிரியில் இரண்டு மடங்குக்கும் மேல், 10 டிகிரியில் நான்கு மடங்கு வேகமாகக் கெடும். பெரும்பாலான குளிர்பெட்டிகள் 4, 5 டிகிரியில் ஓடுகின்றன. அதனால் குளிர்பெட்டிக்குள்ளும் மீனுக்கு ஐஸ் வேண்டும்.

எவ்வளவு ஐஸ்? 30 டிகிரியில் வந்த ஒரு கிலோ மீனை 0-வுக்குக் கொண்டுவரவே ஏறக்குறைய 300 கிராம் ஐஸ் உருகிவிடும். வெளிச் சூட்டையும் தாங்க வேண்டும் என்பதால் வெப்பமான இடங்களில் மீனுக்குச் சமமான எடை ஐஸ் போடுவது வழக்கம். பொடித்த ஐஸாக இருக்க வேண்டும், கட்டிகள் மீனைக் குத்திக் காயப்படுத்தும், ஒட்டியும் நிற்காது. அடியில் ஓட்டையுள்ள தட்டு, அதற்குக் கீழே நீர் சேர இன்னொரு தட்டு. முழு மீனையும் சுத்தம் செய்த மீனையும் ஐஸில் வயிறு கீழே இருக்கும்படி, நீந்தும் நிலையிலேயே அடுக்கலாம். சுத்தம் செய்தது என்றால் வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்புங்கள். தேங்கிய நீரில் மீன் கிடக்கக் கூடாது. ஐஸைத் தினமும் மாற்ற வேண்டும்.

ஃபில்லெட்டில் மட்டும் ஐஸ் நேராகப் படக் கூடாது. வெட்டிய சதை நீரை உறிஞ்சி, வெளுத்து, ருசியை இழக்கும். ஒரு தட்டில் துணியோ தாளோ விரித்து, ஃபில்லெட்டை ஒரே அடுக்காக வைத்து, மூடி, அந்தத் தட்டை ஐஸ் மேல் வைக்க வேண்டும். முழு மீனுக்கு இருக்கும் தோலும் செதிலும் ஃபில்லெட்டுக்கு இல்லை. ஒரே நாளில் வந்த முழு மீனையும் ஃபில்லெட்டையும் பக்கத்தில் வைத்தால் ஃபில்லெட் முந்திக் கெடும். வியாபாரம் மந்தமான நாளில் இந்த வித்தியாசம் தெரியும். அதனால் முழு மீன் வாங்குபவர்கள் காலையிலேயே எல்லாவற்றையும் ஃபில்லெட் எடுத்துவிட வேண்டாம். குடலையும் செவுளையும் மட்டும் வந்தவுடன் எடுத்து ஐஸில் வைத்துவிட்டு, அன்றைக்குத் தேவையானதை மட்டும் வெட்டலாம். மிஞ்சியது முழுசாகவே மறுநாளுக்கு நிற்கும். ஃபில்லெட்டாக வாங்கியவருக்கு இந்த வசதி இல்லை.

நான் எதைச் சொல்வேன்

முதல் இரண்டு வழியையும் கலந்த ஒன்று உண்டு, பெரும்பாலான சிறிய, நடுத்தர உணவகங்களுக்கு அதையே சொல்வேன்: செவுளோடு முழு மீனைப் பார்த்து, தொட்டு, முகர்ந்து தேர்ந்தெடுத்து, அங்கேயே செதிலும் குடலும் எடுக்கச் சொல்வது. சாட்சியும் கிடைக்கிறது, கழிவும் நம் சமையலறைக்கு வருவதில்லை. பேசும்போது ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: எடை போடுவது சுத்தம் செய்வதற்கு முன்பா, பின்பா? நம் கணக்கில் முன்பு 100 என்பதும் பின்பு 120 என்பதும் ஒன்றுதான். பின்பு எடை போட்டு 130 கேட்டால் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். முன்பு எடை போட்டால், எடுத்த தலையோ சினையோ உங்களுடையது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெட்டத் தெரிந்த ஆள் தினமும் இருக்கிறார், தலையும் முள்ளும் மெனுவில் போகின்றன, தனி மேசையும் வடிகாலும் இருக்கின்றன என்றால் முழு மீனை அப்படியே வாங்கலாம். ஒரு வேளைக்குப் பத்துத் தட்டுக்குக் கீழே மீன் போகும் இடத்துக்கு அது சரிவராது. இரண்டு மூன்று மீனுக்காக ஆளையும் இடத்தையும் கழுவும் நேரத்தையும் ஒதுக்கினால், நம் கணக்கில் பார்த்த 75 எப்போதோ போய்விடும். அவர்களுக்கு ஃபில்லெட்டே மேல், அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே வாங்கும்வரை.

முள்ளோடு வட்டத் துண்டாகப் போடும் வஞ்சிரம் போன்ற மீனுக்கு இந்த யோசனை எதுவும் வேண்டாம். தலையும் குடலும் போக எடையில் முக்கால் பங்கு துண்டாகிவிடும், வெட்ட ஃபில்லெட் அளவுக்குக் கைத்திறன் வேண்டியதில்லை. முழுசாகவே வாங்குங்கள். வால் பக்கம் துண்டுகள் சிறுத்துக்கொண்டே போகும், அவற்றுக்கு மட்டும் வறுவல் தட்டு அல்லாத வேறொரு இடத்தை மெனுவில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.